pH நார்மலாக இருக்கும் ஏபிஜி தாளில் ஒளிந்திருப்பவை

“நான் ஹவுஸ் சர்ஜன். நேற்றிரவு வந்த 54 வயது அம்மா, சர்க்கரை நோயாளி. மூன்று நாளாக வாந்தி, காய்ச்சல், இருமல். மூச்சு நிமிடத்துக்கு 32. முகமூடி வழியாக 6 லிட்டர் ஆக்ஸிஜன் போகிறது. ஏபிஜி தாளை போனில் படம் எடுத்தேன், நடுவில் வெளிச்சம் அடித்துவிட்டது. தெரிவது: pH 7.38, pCO2 28 அல்லது 23, pO2 84, HCO3- 16, sO2 96%, Na+ 136, K+ 3.1, Cl- 88, லாக்டேட் 1.6, குளுக்கோஸ் 468, FiO2 21%, P/F 400. pH நார்மல், ஆக்ஸிஜனும் நார்மல், பெரிதாக ஒன்றுமில்லை என்று உடன் இருந்தவர் சொல்கிறார். எப்படிப் படிப்பது?”

இந்தத் தாளில் நார்மலாகத் தெரியும் இரண்டு எண்களும் உங்களை ஏமாற்றுகின்றன. 7.38 என்ற pH, எதிரெதிராக இழுக்கும் கோளாறுகள் ஒன்றையொன்று மறைத்ததால் வந்தது. 400 என்ற P/F, இயந்திரத்திடம் யாரும் சரியான FiO2-ஐச் சொல்லாததால் வந்தது. இந்த அம்மாவுக்குக் கீட்டோன் அமிலத்தேக்கமும், வாந்தியால் வந்த காரத்தேக்கமும், கணிசமான நுரையீரல் பாதிப்பும் ஒரே நேரத்தில் இருக்கின்றன என்பதே என் கணிப்பு. ரத்தக் கீட்டோன், மார்பு எக்ஸ்ரே இரண்டையும் உடனே பாருங்கள். மூத்த மருத்துவரை இப்போதே அழையுங்கள்.

முதலில் படத்தில் மறைந்துபோன இலக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். pH, pCO2, HCO3- மூன்றும் ஒரே சமன்பாட்டால் கட்டப்பட்டவை. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும். pH-ஐ ஹைட்ரஜன் அயனி அளவாக மாற்ற, படுக்கை அருகே செய்யக்கூடிய எளிய வழி ஒன்று உண்டு: 80 என்ற எண்ணிலிருந்து pH-இன் கடைசி இரண்டு இலக்கங்களைக் கழியுங்கள். 7.38 என்றால் 80 − 38 = 42. ஏறத்தாழ 7.25 முதல் 7.48 வரை இந்தக் குறுக்குவழி நன்றாகப் பொருந்தும். அதற்கு வெளியே போகப் போக விலகல் கூடும்.

```
[H+] = 24 × pCO2 / HCO3-
pCO2 28:  24 × 28 / 16 = 42    → pH 7.38
pCO2 23:  24 × 23 / 16 = 34.5  → pH 7.46
```

ஆகவே அது 28தான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தாளிலும் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது. 3, 8 இரண்டையும் மாற்றிப் படிப்பதும், போன் திரையில் ஒரு புள்ளி விடுபடுவதும் சாதாரணமாக நடப்பவை. ஆனால் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மூன்றில் இயந்திரம் நேரடியாக அளப்பது pH, pCO2 இரண்டை மட்டுமே. HCO3- என்பதை அது இதே சமன்பாட்டை வைத்துத்தான் கணக்கிட்டு அச்சிடுகிறது. எனவே மூன்றும் பொருந்துகின்றன என்றால் நீங்கள் படத்தைச் சரியாகப் படித்தீர்கள் என்று பொருள். ரத்தம் சரியாக எடுக்கப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது.

ரத்தம் சரிதானா என்பதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அப்போது எவ்வளவு காட்டியது? அதுவும் 95, 96 என்றிருந்தால் இது தமனி ரத்தம் என்று நம்பலாம். சிரை ரத்தமாக இருந்திருந்தால் pO2 பெரும்பாலும் 40-ஐ ஒட்டி நின்றிருக்கும். அடுத்தது ஹெப்பரின். நம் மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கென்று வரும் சிரிஞ்சு கிடைப்பதில்லை. சாதாரண 2 மி.லி. சிரிஞ்சில் ஹெப்பரினை இழுத்து, பீய்ச்சிவிட்டு, அதிலேயே ரத்தம் எடுக்கிறோம். சிரிஞ்சுக்குள் ஹெப்பரின் மிச்சம் நின்று, ரத்தமும் அரை மி.லி.யோடு நின்றுவிட்டால், அது நீர்த்துப்போய் pCO2-உம் அதிலிருந்து கணக்கிடப்படும் பைகார்பனேட்டும் குறைந்து காட்டும். காற்றுக்குமிழி வெளியேற்றப்பட்டதா, எடுத்து அரை மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் ஏற்றப்பட்டதா என்பதையும் கேளுங்கள். குமிழி இருந்தால் pCO2 குறையும். pO2 அறைக்காற்றின் அளவான 150-ஐ நோக்கி நகரும். மாதிரி வெகுநேரம் காத்திருந்தால் உள்ளேயிருக்கும் ரத்த அணுக்கள் ஆக்ஸிஜனையும் குளுக்கோஸையும் செலவழித்து, லாக்டேட்டையும் pCO2-ஐயும் உயர்த்திவிடும்.

இனி அமில கார நிலைக்கு வருவோம். பைகார்பனேட் 16, தெளிவாகக் குறைவு. pCO2 28, அதுவும் குறைவு. இரண்டும் ஒரே திசையில் குறைந்து, pH நார்மலின் அமிலப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால், வளர்சிதை அமிலத்தேக்கம் இருக்கிறது, அதை ஈடுகட்ட நோயாளி வேகமாக மூச்சுவிடுகிறார் என்று முதலில் தோன்றும். ஆனால் உடல் செய்யும் ஈடுகட்டல் pH-ஐ நார்மலுக்கு அருகே கொண்டுவருமே தவிர, முழுவதுமாக நார்மலாக்கிவிடாது. பைகார்பனேட் 16-க்கு இறங்கியும் pH 7.38-இல் நிற்கிறது என்றால், இன்னொரு கை அதை மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கையைத் தேட வேண்டிய இடம் குளோரைடு.

அனயான் கேப்பைப் போடுங்கள். சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிக்க, 136 − 88 − 16 = 32. நார்மலை 12 என்று வைத்துக்கொண்டால் 20 கூடுதல். சில இயந்திரங்கள் அனயான் கேப்பைத் தாளிலேயே அச்சிடும். அதைப் பயன்படுத்துவதற்கு முன், அந்தக் கணக்கில் பொட்டாசியமும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சேர்த்திருந்தால் நார்மல் எல்லையும் மூன்று நான்கு கூடும். குளுக்கோஸ் 468 இருப்பதால் சோடியத்தைத் திருத்திவிட்டு இந்தக் கணக்கைப் போட வேண்டுமா என்று பலர் குழம்புவதுண்டு. வேண்டாம். சர்க்கரை இழுத்த நீர் சோடியத்தை நீர்க்கச் செய்ததுபோலவே குளோரைடையும் பைகார்பனேட்டையும் நீர்க்கச் செய்திருக்கிறது. ஒன்றை மட்டும் திருத்தினால் இடைவெளி பொய்யாக விரியும். ஆனால் அல்புமினைக் கணக்கில் கொள்ள வேண்டும்: அது 4-க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு கிராமுக்கும் இடைவெளியோடு 2.5 கூட்டிக்கொள்ளுங்கள். இந்த அம்மாவுக்கு அல்புமின் 3 என்று வந்தால் உண்மையான இடைவெளி 34.5 ஆகும்.

இப்போது இந்தத் தாளின் மிக முக்கியமான கேள்வி. ரத்தத்தில் 20 அலகு புதிய அமிலம் சேர்ந்திருந்தால், அதை நடுநிலையாக்கப் பைகார்பனேட்டும் ஏறத்தாழ அதே அளவு செலவாகியிருக்க வேண்டும். கீட்டோன் அமிலத்தேக்கத்தில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று என்ற அளவில் நகரும். இங்கே பைகார்பனேட் 24-இலிருந்து 16-க்கு, அதாவது வெறும் 8 மட்டுமே குறைந்திருக்கிறது. மீதி 12 எங்கே? அமிலம் சேரத் தொடங்குவதற்கு முன்பே, அல்லது சேரும்போதே, பைகார்பனேட் வேறொரு காரணத்தால் உயர்ந்துகொண்டிருந்தது என்பதுதான் விடை. இருக்கும் 16-உடன் இந்த 20-ஐக் கூட்டினால் 36 வரும். அமிலம் இல்லாமல் இருந்திருந்தால் இவருடைய பைகார்பனேட் ஏறக்குறைய அங்கே நின்றிருக்கும். மூன்று நாள் வாந்தியில் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளியேறியதும், உடல் வறண்டு சிறுநீரகம் பைகார்பனேட்டை இறுகப் பிடித்துக்கொண்டதும் இதற்குப் போதுமான காரணங்கள். குளோரைடு 88-க்கு இறங்கியதும், பொட்டாசியம் 3.1 ஆனதும் அதே கதையைத்தான் சொல்கின்றன.

அந்த அமிலம் எது? லாக்டேட் 1.6தான் என்பதால் லாக்டிக் அமிலம் இந்த இடைவெளியை விளக்காது. சர்க்கரை 468, பட்டினியும் காய்ச்சலும் உண்டு. கீட்டோன் என்பதே முதல் ஊகம். ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் 3 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் ஊகம் உறுதியாகும். அந்தப் பரிசோதனை இல்லாத இடத்தில் சிறுநீர்க் கீட்டோனையாவது பாருங்கள். கூடவே கிரியேட்டினினும் வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் செயலிழந்தாலும் இடைவெளி விரியும். நீரிழிவுக் கீட்டோன் அமிலத்தேக்கத்துக்கான வரையறை pH 7.3-க்குக் கீழ் அல்லது பைகார்பனேட் 18-க்குக் கீழ் என்றே இருக்கிறது. அந்த ‘அல்லது’ இவரைப் போன்றவர்களுக்கு மிகவும் தேவை. pH-ஐ மட்டும் பார்த்துச் சாதாரண வார்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவதாக மூச்சு. வளர்சிதை அமிலத்தேக்கத்தில் pCO2 எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கு வின்டர்ஸ் சூத்திரம் உண்டு: பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்ட வேண்டும். 24 + 8 = 32; இரண்டு கூடலாம், குறையலாம். ஆக 30 முதல் 34 வரை எதிர்பார்க்கலாம். இவருக்கு 28. தேவைக்கு மேல் மூச்சு ஓடுகிறது என்பதால், கூடவே சுவாசக் காரத்தேக்கமும் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் இந்த மூன்றாவது கண்டுபிடிப்பின் மேல் நான் அதிகப் பாரம் ஏற்ற மாட்டேன். எல்லையைத் தாண்டியது இரண்டே மி.மீ.; சிரிஞ்சில் மிஞ்சிய ஹெப்பரின்கூட அந்த அளவு வித்தியாசத்தைத் தரும். காய்ச்சல், இருமல், 32 மூச்சு ஆகியவை அதை நம்பத்தகுந்ததாக்குகின்றன. மாறாக, அனயான் கேப் 32 என்பதும், பைகார்பனேட் கணக்கில் 12 இடிக்கிறது என்பதும் அளவுப் பிழையால் விளக்க முடியாத பெரிய வேறுபாடுகள். எந்த முடிவு பாறை, எந்த முடிவு மணல் என்று பிரித்துச் சொல்வதும் இந்தத் தாளைப் படிப்பதில் அடங்கும்.

ஆக்ஸிஜனைப் பொறுத்தவரை, தாளில் இருக்கும் FiO2 21% என்பது யாரும் அளந்த எண்ணே அல்ல. மாதிரியை ஏற்றும்போது இயந்திரம் FiO2-ஐக் கேட்கும். யாரும் தட்டச்சு செய்யாவிட்டால் பல இயந்திரங்கள் அறைக்காற்றின் 21 சதவீதத்தைத் தானே வைத்துக்கொண்டு, அதன் அடிப்படையில் P/F-ஐ அச்சிட்டுவிடும். 84-ஐ 0.21-ஆல் வகுத்தால் 400. அப்படித்தான் அந்த அழகான எண் வந்தது. ஆனால் அந்த அம்மா முகமூடியில் 6 லிட்டர் ஆக்ஸிஜனில் இருக்கிறார். சாதாரண முகமூடியில் அந்த ஓட்டத்துக்கு FiO2 ஏறத்தாழ 0.4 என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்.

```
PAO2 = FiO2 × (760 − 47) − pCO2 / 0.8

FiO2 0.21:  150 − 35 = 115;  115 − 84 = 31;   P/F = 400
FiO2 0.40:  285 − 35 = 250;  250 − 84 = 166;  P/F = 210
```

முதல் வரியில் காற்றறைக்கும் தமனிக்கும் இடையிலுள்ள ஆக்ஸிஜன் வேறுபாடு 31 என்று வருகிறது. வயதை நான்கால் வகுத்து நான்கு கூட்டினால் கிடைக்கும் எதிர்பார்ப்பு 17 அல்லது 18 என்பதால், அறைக்காற்று என்ற தவறான அனுமானத்திலும் இது நார்மல் அல்ல. pCO2 இறங்கியிருப்பது pO2-ஐத் தூக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. இரண்டாவது வரிதான் இந்த நோயாளியுடையது. 40 சதவீத ஆக்ஸிஜன் கொடுத்தால் ஆரோக்கியமான நுரையீரல் 200-ஐத் தாண்டிய pO2-ஐத் தர வேண்டும். இவருக்கு வருவது 84. நிமோனியாவோ நுரையீரலில் நீர்க்கோப்போ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

0.4 என்பதும் மதிப்பீடுதான். நிமிடத்துக்கு 32 முறை ஆழமாக மூச்சிழுக்கும் ஒருவர், முகமூடி தரும் 6 லிட்டரைவிடப் பல மடங்கு காற்றை வெளியிலிருந்து இழுக்கிறார். அதனால் உண்மையான FiO2 குறைவாக இருக்கலாம். 0.35 என்று வைத்தால் P/F 240, 0.5 என்று வைத்தால் 168. எந்த முனையில் நின்றாலும் 300-க்குக் கீழேதான் இருக்கிறோம். எனவே தீர்மானம் மாறாது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் வென்டுரி முகமூடிக்கு மாற்றி, இருபது நிமிடமாவது கழித்து மீண்டும் எடுங்கள். சூத்திரத்திலுள்ள 760 கடல்மட்டத்துக்கு உரியது. ஊட்டியில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் இயந்திரம் காட்டும் காற்றழுத்தத்தைத்தான் அங்கே போட வேண்டும்.

sO2 96 என்பதை வைத்து ஆறுதல் அடைவதும் கூடாது. எவ்வளவு ஆக்ஸிஜனைக் கொடுத்து அந்த 96-ஐ வாங்கினோம் என்று தெரியாமல் அது நுரையீரலைப் பற்றி எதுவும் சொல்லாது. சில இயந்திரங்கள் அதைக்கூட அளப்பதில்லை, pO2-இலிருந்து கணக்கிட்டு எழுதுகின்றன. கோ ஆக்ஸிமீட்டர் இணைந்த இயந்திரமாக இருந்தால்தான் அது உண்மையில் அளந்த எண்.

சிகிச்சையில் இந்தத் தாள் உடனடியாக மாற்றுவது ஒன்று உண்டு: பொட்டாசியம் 3.1. சர்க்கரை 468-ஐப் பார்த்ததும் கை இன்சுலினுக்குப் போகும். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருக்கும்போது இன்சுலினைத் தொடங்கினால், அது பொட்டாசியத்தை மேலும் செல்களுக்குள் தள்ளி, உயிருக்கே ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறில் கொண்டுபோய் விட்டுவிடும். முதலில் சலைன், சிறுநீர் போகிறது என்று பார்த்துக்கொண்டு பொட்டாசியம், ஒரு இசிஜி. பொட்டாசியம் ஏறிய பிறகே இன்சுலின். ஊசியால் ரத்தம் எடுக்கும்போது ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் முழு ரத்தத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. உண்மையான பொட்டாசியம் 3.1-ஐவிடக் குறைவாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். சோடியம் பைகார்பனேட் ஊசிக்கு இங்கே இடமே இல்லை. சலைனில் வரும் குளோரைடுதான் வாந்தியால் வந்த காரத்தேக்கத்துக்கு மருந்து.

மறுபடி அனுப்பும்போது நான்கு மூலைகளும் தெரியும்படி, வெளிச்சம் நேராக விழாமல், தாளைத் தட்டையாக வைத்துப் படம் எடுங்கள். பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துவிட்டு, மாதிரி வகை, எடுத்த நேரம், அலகு, அடியில் வரும் எச்சரிக்கைக் குறிகள் ஆகியவை விடுபடாமல் பாருங்கள். அலகை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: கிலோபாஸ்கலில் அமைக்கப்பட்ட இயந்திரம் இதே pO2-ஐ 11.2 என்று காட்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால், எண்களைக் கேஸ் ஷீட்டில் கையால் எழுதி, பக்கத்திலேயே எந்த முகமூடி, எத்தனை லிட்டர் என்று குறித்துவையுங்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த ஏபிஜி வரும்போது அனயான் கேப் சுருங்கத் தொடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீட்டோன் கரைகிறதா என்பதை அது pH-ஐவிட நன்றாகச் சொல்லும். கீட்டோன்கள் எரிந்து பைகார்பனேட்டாக மாறும்போது, அடியில் மறைந்திருந்த காரத்தேக்கம் மேலே வந்து pH 7.45-ஐத் தாண்டலாம், பொட்டாசியமும் இன்னொரு முறை இறங்கலாம். சலைனும் பொட்டாசியமும் போதாது என்பதற்கான அடையாளம் அது. நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. பைகார்பனேட் 16-லேயே நிற்க, pCO2 மட்டும் 28-இலிருந்து 36-க்கு ஏறினால், தாள் அதை நார்மல் என்று அச்சிட்டு எந்தக் குறியும் போடாது. ஆனால் அப்போது ஹைட்ரஜன் அயனி 54, pH 7.27-க்கு அருகே போய்விடும். மூச்சுவிடும் தசைகள் களைத்துவிட்டன என்று அதற்குப் பொருள். அம்மா அயர்ந்து தூங்குவதுபோல் கிடந்து, மூச்சு 32-இலிருந்து 18-க்குக் குறைந்திருந்தால், அதைத் தேறுதல் என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவையும் மயக்க மருத்துவரையும் கூப்பிடுங்கள்.